டைரியோடு போகும் அந்த ஒரு தாள்: கவரிங் லெட்டரில் என்ன எழுதுகிறீர்கள்?

மேசை நான்கு | 2025 நவம்பர் 17, காலை 10.40

போன ஆண்டு 140 வாடிக்கை நிறுவனங்களுக்கு டைரியும் சுவர்க் காலண்டரும் அனுப்பினோம். ஒன்று திரும்பி வந்தது. டைரியில் குறை ஒன்றுமில்லை. கூட வைத்த கடிதம்தான் காரணம் என்று இப்போது சந்தேகிக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதியவன் நானே. முழுதாகத் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, கடந்த ஆண்டு முழுவதும் தாங்கள் அளித்த நல்லாதரவுக்கு நன்றி. எங்கள் இலவச அன்பளிப்பாக 2025ஆம் ஆண்டு டைரியையும் சுவர்க் காலண்டரையும் இத்துடன் அனுப்பியுள்ளோம். மார்ச்சில் புதுப்பிக்கப்படவுள்ள ஒப்பந்தத்திலும் தங்கள் மேலான ஆதரவு தொடரும் என நம்புகிறோம். எங்கள் புதிய சேவைகளின் விவரத்தாளும் தங்கள் நிலுவைப் பட்டியலும் பார்வைக்கு இணைக்கப்பட்டுள்ளன."

அந்த நிறுவனத்தின் பதில் இரண்டே வரி: "பொருள் திருப்பி அனுப்பப்படுகிறது. கடிதம் எங்கள் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது." டைரி வேண்டாம், கடிதம் வேண்டும். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

என் கட்சி இது: காலண்டருக்குக் கடிதமே தேவையில்லை. நிறுவனப் பெயர் காலண்டரிலேயே இருக்கிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இலக்கு100 | நவம்பர் 17, காலை 11.15

மறுக்கிறேன். ஆண்டு முழுவதும் நாம் அனுப்பும் தாள்களில் வாடிக்கையாளர் தானாகத் திறந்து பார்ப்பது இந்த ஒன்றைத்தான். அதில் ஒன்றும் கேட்காமல் விடுவது வீண்செலவு. நான் எப்போதும் கியூஆர் குறியீடு ஒன்று வைப்பேன், ஜனவரி இறுதிவரை செல்லுபடியாகும் சலுகையோடு. திரும்பி வந்தது 140இல் ஒன்றுதானே?

சுவரில் இடமிருக்கிறது | நவம்பர் 17, பகல் 1.02

காலண்டர் இலவசமாகத் தருகிறீர்களா? எந்த முகவரிக்கு எழுத வேண்டும்? மாதம் ஒரு பக்கம் உள்ளதா, நாள் கிழிப்பதா?

மேசை நான்கு | நவம்பர் 17, பகல் 1.20

தருவது வாடிக்கை நிறுவனங்களுக்கு. மாதம் ஒரு பக்கம்.

பதிவேடு | நவம்பர் 18, இரவு 9.30

நான் வாங்கும் பக்கத்தில் இருப்பவள். எங்கள் நிறுவனத்தின் நன்னடத்தைப் பிரிவில், வெளியிலிருந்து வரும் பொருள்களைப் பதிவது என் வேலை. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதிவரை என் மேசை காலண்டர் குடோன்.

டைரியின் மதிப்பு யாருக்கும் தொல்லை இல்லை. பெயர் அச்சிட்ட, சொற்ப மதிப்புள்ள விளம்பரப் பொருளை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க நீதித் துறையும் அந்நாட்டின் பங்குப் பரிவர்த்தனை ஆணையமும் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம் பற்றி 2012இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலேகூட, நிறுவனப் பெயர் போட்ட சிறு விளம்பரப் பொருள்கள் நடவடிக்கைக்கு உரியவையாக இருக்க வாய்ப்பில்லை என்ற பொருளில் ஒரு பகுதி உண்டு. ஆகவே டைரியைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

உங்கள் கடிதத்தின் மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தின் மாதத்தைச் சொல்லி, ஆதரவு கேட்டு, அதே தாளில் ஒரு பொருளையும் கொடுக்கிறீர்கள். கொடுத்தது டைரியா தங்கக் காசா என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. கொடுத்ததற்கு ஈடாக ஒன்றை எதிர்பார்ப்பதாக நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் டெண்டர் ஒப்பீட்டில் இருந்திருந்தால், கடிதம் யார் பெயருக்குப் போனதோ அவர் அந்தக் குழுவிலும் இருந்திருந்தால், திருப்பி அனுப்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டதும் அதனால்தான். பொருள் போய்விட்டது என்பதற்கு அவரிடம் வேறு சான்று கிடையாது.

இலக்கு100 கவனிக்க: மீதி 139 பேர் திருப்பி அனுப்பவில்லை என்பதால் 139 பேருக்கும் கடிதம் பிடித்தது என்று ஆகாது. பெரும்பாலோர் படித்திருக்கவே மாட்டார்கள்.

மேசை நான்கு | நவம்பர் 19, காலை 9.05

கோப்பைத் தேடிப் பார்த்தேன். டெண்டர் திறந்தது டிசம்பர் 11. டைரி போய்ச் சேர்ந்தது டிசம்பர் 16. பெயர் எழுதியது கொள்முதல் மேலாளருக்கு. இதைவிடச் சரியாகத் தவறு செய்ய முயன்றாலும் முடியாது.

நிலுவைப் பட்டியலையும் அதே உறையில் வைத்தது என் யோசனை. கூரியர் செலவு மிச்சம் என்று நினைத்தேன். ஒரு கையால் பரிசு, மறு கையால் கடன் சீட்டு.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் | நவம்பர் 19, மாலை 4.50

முப்பத்தொரு ஆண்டு இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் சொல்கிறேன். "இலவச" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று கொடுப்பதற்கு அந்தச் சொல். நாம் கொடுப்பதற்கு விலை இல்லை என்று நாமே சொல்வது, பெறுபவருக்கும் மரியாதையில்லை, பொருளுக்கும் மரியாதையில்லை. "இத்துடன் அனுப்பியுள்ளோம்" என்றாலே போதும். விலை கேட்டு யாரும் கடிதம் போடப்போவதில்லை.

"மேலான", "நல்லாதரவு", "என்றென்றும்" எல்லாம் திருமண அழைப்பிதழ்ச் சரக்கு. "தாங்கள்" இருக்கட்டும். "நீங்கள்" என்றும் எழுதலாம். ஆனால் முதல் வரியில் "தாங்கள்", மூன்றாம் வரியில் "உங்கள்" என்று மாறிமாறி வரக் கூடாது. இரண்டு பேர் எழுதிய கடிதம்போல இருக்கும்.

நான்கு வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள். எங்கள் பழைய நிர்வாகி ஐந்தாவது வாக்கியத்தை எழுதச் சொன்னால் நான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். அவர் புரிந்துகொள்வார்.

பதிவேடு | நவம்பர் 19, இரவு 8.12

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். "அன்பளிப்பு" என்ற சொல்லும் வேண்டாம். அந்தச் சொல் இருந்தால் எங்கள் அலுவலகத்தில் அது அன்பளிப்புப் பதிவேட்டுக்குப் போகும். பெற்றவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவர் மேலாளர் கையெழுத்திட வேண்டும். "எங்கள் 2026ஆம் ஆண்டு டைரி" என்று மட்டும் எழுதியிருந்தால் பொதுத் தபாலாகவே நேராக அவர் மேசைக்குப் போய்விடும். ஒரே பொருள், சொல்தான் அதன் பாதையை மாற்றுகிறது. எல்லா நிறுவனத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். எங்களிடம் இப்படி.

மேசை நான்கு | நவம்பர் 20, காலை 11.30

கடிதமே வேண்டாம் என்ற என் கட்சியைப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். காலையில் தபால் பிரிவில் கேட்டேன். கடிதம் இல்லாமல் வரும் காலண்டர் வரவேற்பு மேசையிலேயே நின்றுவிடுகிறதாம். யாருக்கு என்று தெரியாததால் யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு. அப்படியானால் கடிதத்தின் முதல் வேலை நன்றி சொல்வது அல்ல, இது யாருக்கு, யாரிடமிருந்து, உறைக்குள் என்னென்ன, எத்தனை என்று சொல்வது. "டைரி ஒன்று, சுவர்க் காலண்டர் இரண்டு" என்று எண் இருந்தால் நடுவில் ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும். போன ஆண்டு என் கடிதத்தில் எண் இல்லை.

புது வரைவு:

"வணக்கம். எங்கள் 2026ஆம் ஆண்டு டைரி ஒன்றும் சுவர்க் காலண்டர் இரண்டும் தங்கள் பிரிவின் பயன்பாட்டுக்காக இத்துடன் அனுப்பியுள்ளோம். இந்த ஆண்டு தங்களோடு பணிபுரிந்த எங்கள் குழுவினர் சார்பில் நன்றி. டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை எங்கள் அலுவலகம் மூடியிருக்கும். அவசரத் தேவைக்குக் கீழுள்ள எண்ணில் அழைக்கலாம். புத்தாண்டு வாழ்த்துகள்."

"தங்கள் பிரிவின் பயன்பாட்டுக்காக" என்பது பதிவேடு அம்மையாரை மனத்தில் வைத்து எழுதியது. ஒருவர் கைக்குக் கொடுப்பதாக இல்லாமல் பிரிவுக்குக் கொடுப்பதாக இருக்கிறது.

இலக்கு100 | நவம்பர் 20, பகல் 12.10

பார்த்தீர்களா, விடுமுறைத் தகவல் வந்துவிட்டது. அதுவும் ஒரு வகையில் விளம்பரம்தான். ஒன்றுமே கேட்காத கடிதம் கிடையாது என்று நான் சொன்னது சரி.

மேசை நான்கு | நவம்பர் 20, பகல் 12.25

பாதி சரி. வாசிப்பவருக்குப் பயன்படும் ஒரு தகவல் இருக்க வேண்டும் என்பது வரை உங்களோடு வருகிறேன். சலுகைக்கு வரவில்லை.

மெய்ப்புக்காரர் | நவம்பர் 21, காலை 7.45

அச்சகத்திலிருந்து. விடுமுறை எண்ணைக் கடிதத்தில் போடுவது சரி, ஆனால் கடிதம் ஆயுள் குறைந்தது. உறையைக் கிழித்தவர் கையிலேயே பாதி கடிதங்கள் கசங்கிவிடும். ஆண்டு முழுவதும் தேவைப்படும் எண்ணைக் காலண்டரின் அடிப்பட்டையில் அச்சிடுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமான எண் கடிதத்தில் இருக்கட்டும். எது எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று பார்த்துத் தகவலைப் பிரிக்க வேண்டும்.

ஒரு மருந்துப் பிரதிநிதி | நவம்பர் 21, இரவு 10.05

என் கதை வேறு. நான் பார்ப்பது மருத்துவர்களை. காலண்டருக்கு அழகான கடிதம் ஒன்று எழுதி வைத்திருந்தேன், கோப்பிலேயே கிடக்கிறது. எங்கள் தொழிலின் பன்னாட்டுக் கூட்டமைப்பு தன் நெறிமுறையைத் திருத்தி 2019 ஜனவரி முதல் அன்பளிப்பே கூடாது என்று சொல்லிவிட்டது. மருந்துப் பெயர் போட்ட சின்னச் சின்ன விளம்பரப் பொருள்களும் போயின. கடிதத்தை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லாத இடங்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

பதிவேடு | நவம்பர் 22, காலை 8.20

அது சரியான எச்சரிக்கை. மற்றவர்களும் அனுப்புமுன் வாடிக்கை நிறுவனத்தின் இணையதளத்தில் வழங்குநர் நெறிமுறை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். "எந்தப் பொருளும் ஏற்கப்படாது" என்று எழுதியிருந்தால் கடிதத்தை மட்டும் அனுப்பலாம். டைரி இல்லாத நன்றிக் கடிதத்தை யாரும் திருப்பி அனுப்பியதாக நான் கண்டதில்லை.

மேசை நான்கு | டிசம்பர் 2, மாலை 6.40

இழையைத் திசைதிருப்புகிறேன், மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. டைரி அச்சாகி வந்துவிட்டது. 300 பிரதிகள். கடைசிப் பக்கத்தில் பிழை.

எங்கள் டைரியில் ஒவ்வொரு வாரத்துக்கும் இடது ஓரத்தில் வார எண் உண்டு. சரக்கு அனுப்பும் வாடிக்கையாளர்கள் தேதியைச் சொல்ல மாட்டார்கள், "வாரம் 14இல் வேண்டும்" என்றுதான் எழுதுவார்கள். 2026 டிசம்பர் 28இல் தொடங்கும் கடைசி வாரத்துக்கு எங்கள் டைரி "1" என்று போட்டிருக்கிறது. வர வேண்டியது 53.

எப்படி நடந்தது என்று துருவினேன். வடிவமைப்பாளர் 2025 டைரியின் கோப்பை எடுத்துத் தேதிகளை மட்டும் மாற்றியிருக்கிறார். 2025இல் டிசம்பர் 29 திங்கட்கிழமை. அந்த வாரம் உண்மையிலேயே 2026இன் முதல் வாரம், ஆகவே "1" சரி. அதே "1" இந்த ஆண்டுக்கும் குடிவந்துவிட்டது. மெய்ப்புப் பார்த்தது யார்? நான்தான். தேதியும் கிழமையும் பார்த்தேன். வார எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை.

மெய்ப்புக்காரர் | டிசம்பர் 2, இரவு 8.15

இது பழைய வியாதி. ஐஎஸ்ஓ 8601 முறையில் வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அது முதல் வாரம். 2026 ஜனவரி 1 வியாழக்கிழமை, டிசம்பர் 31உம் வியாழன். அதனால் 53 வாரம் வந்துவிடுகிறது. இதற்கு முன் 2020இல் வந்தது. மெய்ப்பில் எல்லா எண்ணையும் சரிபார்க்கத் தேவையில்லை. டிசம்பர் 28ஐ மட்டும் பாருங்கள். அந்தத் தேதி எப்போதும் ஆண்டின் கடைசி வாரத்தில்தான் விழும். அங்கே "1" இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்று சொல்லலாம். நம்பிக்கையில்லை என்றால் எக்செலில்:

```
=ISOWEEKNUM(DATE(2026,12,28))
```

53 வரும்.

டைரியின் பின்னால் 2027 திட்டப் பக்கம் இருக்கிறதா? இருந்தால் அதையும் பாருங்கள்.

மேசை நான்கு | டிசம்பர் 2, இரவு 8.50

இருக்கிறது. பார்த்தேன். 2027 ஜனவரி 4இல் தொடங்கும் வாரத்துக்கு "2" என்று போட்டிருக்கிறது. அங்கிருந்து கடைசிவரை எல்லாம் ஒன்று கூடுதல். சரியான இரண்டாம் வாரம் ஜனவரி 11இல் தொடங்குகிறது. எங்கள் டைரியை நம்பி ஒருவர் "வாரம் 2இல் அனுப்புங்கள்" என்று எழுதினால், அவர் நினைத்ததற்கு ஏழு நாள் தாமதமாக லாரி போய் நிற்கும். பிழையைச் செய்தது நாங்கள், திட்டு வாங்குவது லாரி ஓட்டுநர்.

இப்போது கேள்வி: கடிதத்தில் இதைச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் எங்கே, எப்படி?

இலக்கு100 | டிசம்பர் 2, இரவு 9.10

சொல்லாதீர்கள். கடைசிப் பக்கம். ஓராண்டு கழித்து யார் பார்க்கப்போகிறார்கள்? நன்றிக் கடிதத்தில் பிழை திருத்தம் போட்டால் நன்றி செத்துவிடும்.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் | டிசம்பர் 3, காலை 6.30

சொல்ல வேண்டும். ஆனால் நன்றிக்கு அடுத்த வரியில் அல்ல. "நன்றி. மேலும், டைரியில் பிழை உள்ளது" என்று படிப்பவர் நன்றியையும் பிழையோடு சேர்த்துவிடுவார். கையெழுத்துக்குக் கீழே தனிக் குறிப்பாக இடுங்கள். வருத்தம் ஒரு முறை போதும். மூன்று முறை வருந்தினால் என்னவோ பெரிதாக நடந்துவிட்டது என்று தோன்றும்.

மெய்ப்புக்காரர் | டிசம்பர் 3, காலை 7.20

ஐயா சொன்ன இடம் சரி, ஆனால் போதாது. நான் முன்பே சொன்னதுதான்: கடிதம் சாகும், டைரி இருக்கும். 2026 டிசம்பரில் தேவைப்படும் திருத்தத்தை 2025 டிசம்பரில் குப்பைக்குப் போகும் தாளில் எழுதி என்ன பயன்? இரண்டு ஸ்டிக்கர் அடியுங்கள். ஒன்று "53" என்று மட்டும், ஓரத்தில் உள்ள எண்ணை மறைக்கும் அளவில். இன்னொன்று 2027 பக்கம் முழுவதற்குமான திருத்திய பட்டியல். நீங்களே ஒட்டி அனுப்புங்கள். வாடிக்கையாளரை ஒட்டச் சொல்லாதீர்கள். பசை அழுத்தமானதாக இருக்கட்டும். கழற்றி ஒட்டும் வகை ஓர் ஆண்டு புரட்டலுக்குத் தாங்காது.

மேசை நான்கு | டிசம்பர் 3, பகல் 3.00

நான்கு பேர், 300 டைரி, இரண்டு ஸ்டிக்கர். ஒரு பகலும் அரைப் பகலும் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அப்படி ஒட்டிவிட்டால் கடிதத்தில் சொல்லவும் வேண்டுமா? ஒட்டியதைப் பார்த்தாலே தெரியுமே.

பதிவேடு | டிசம்பர் 3, இரவு 9.40

ஒட்டிய தாளைக் கண்டால் அடியில் என்ன இருக்கிறது என்று உரித்துப் பார்ப்பது மனித இயல்பு. ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மேசை நான்கு | டிசம்பர் 4, காலை 10.15

கையெழுத்துக்குக் கீழே இப்படி வைத்திருக்கிறேன்:

"குறிப்பு: 2026 டிசம்பர் 28இல் தொடங்கும் வாரத்தின் எண் 53. அச்சில் 1 என்று வந்துவிட்டது. அதையும் 2027 திட்டப் பக்கத்தின் வார எண்களையும் திருத்தி ஒட்டியுள்ளோம். வருந்துகிறோம்."

முதலில் சரியான எண், பிறகு பிழை. முதல் வரைவில் மாற்றி எழுதியிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் மேலோட்டமாகப் படித்துவிட்டு "கடைசி வாரம் 1ஆ? சரி" என்று போய்விட்டார். அதன் பிறகு மாற்றினேன்.

இலக்கு100 | டிசம்பர் 4, காலை 10.40

எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பத்து பேர் கவனிக்கும் பிழையை 140 பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

மேசை நான்கு | டிசம்பர் 4, காலை 10.52

அந்தப் பத்துப் பேரும் லாரி வைத்திருப்பவர்கள்.

மேசை நான்கு | டிசம்பர் 8, மாலை 5.30

கையெழுத்து. சுருக்கெழுத்தர் ஐயா முன்பு வேறோர் இழையில் அச்சிட்ட கையெழுத்து கூடாது, மையால்தான் இட வேண்டும் என்று எழுதியது நினைவில் இருந்தது. எங்கள் இயக்குநர் 140ஐயும் கையால் போட ஒப்புக்கொண்டார். அறுபதுக்குப் பிறகு அவர் கையெழுத்து வேறு ஒருவருடையதாகிவிட்டது. நூறுக்குப் பிறகு ஒரு கோடு. வங்கி பார்த்தால் காசோலையைத் திருப்பி அனுப்பும். நாளுக்கு முப்பது என்று பிரித்திருக்க வேண்டும்.

இடையில் இன்னொன்று. மெயில் மெர்ஜில் 140 கடிதம் வர வேண்டும், 153 வந்தது. எக்செலில் வடிகட்டி மறைத்து வைத்த 13 வரிகளும் கடிதமாகிவிட்டன. கணக்கு முடித்துக்கொண்டு போன பழைய வாடிக்கையாளர்கள் அவர்கள். மறைப்பது வேறு, நீக்குவது வேறு என்பதை வேர்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தது. நல்லவேளை, உறையில் போடுமுன் எண்ணினேன்.

சுவரில் இடமிருக்கிறது | டிசம்பர் 8, மாலை 6.10

அந்தப் பதின்மூன்று காலண்டர் மிச்சம்தானே?

மேசை நான்கு | டிசம்பர் 8, மாலை 6.12

மிச்சமானது கடிதம், ஐயா. காலண்டர் அல்ல.

மேசை நான்கு | டிசம்பர் 11, காலை 9.00

அனுப்புமுன் சோதனைக்கு ஆறு உறைகளைக் கட்டி மூன்று நாள் அலமாரியில் மற்ற கட்டுகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இன்று திறந்தால், டைரி அட்டையில் எங்கள் கடிதம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. "வாழ்த்துகள்" என்ற சொல் அட்டையில் இருக்கிறது, கடிதத்தில் பாதி இல்லை. ஆறில் ஆறும். என்ன இது?

மெய்ப்புக்காரர் | டிசம்பர் 11, காலை 9.35

அட்டை மெத்தென்ற பிவிசி, கடிதம் லேசர் அச்சு. சரியா? பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல வெளியே கசிந்து டோனரை இளக்கிவிடும். டோனர் என்பது தாளின்மேல் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தூள்தான். மேலே எடை இருந்தால் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பம் சேர்ந்தால் இன்னும் வேகமாக. கூரியர் வண்டியில் இரண்டே நாள் போதும். துடைத்தாலும் தடம் போகாது.

கடிதத்தை அட்டைமேல் வைக்காதீர்கள். டைரியைத் திறந்து முதல் காகிதப் பக்கத்தில் வையுங்கள், அல்லது எழுத்துள்ள பக்கத்தை உள்ளே மடித்து வையுங்கள். மடித்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும், வெறும் தாள் மட்டுமே பிவிசியைத் தொடும். உங்கள் நிறுவனச் சின்னமும் லேசரில் அச்சானதா? அப்படியானால் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பார்த்து மடியுங்கள்.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் | டிசம்பர் 11, பகல் 2.20

தட்டச்சுப் பொறி நாடாவில் அடித்த காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை.

மெய்ப்புக்காரர் | டிசம்பர் 11, பகல் 2.31

விரலெல்லாம் கருப்பாக இருந்தது, ஐயா மறந்துவிட்டீர்கள்.

மேசை நான்கு | டிசம்பர் 12, மாலை 7.15

எழுத்தை உள்ளே வைத்து மடித்து, முதல் பக்கத்தில் செருகி, 139 உறைகள் போய்விட்டன. 140ஆவது அந்தப் போன ஆண்டு நிறுவனம். அவர்களுக்கு என்ன செய்வது என்று இயக்குநரிடம் கேட்டேன். இந்த ஆண்டு டெண்டர் ஒன்றும் நடப்பில் இல்லை. கொள்முதல் மேலாளர் பெயரை எடுத்துவிட்டு "நிர்வாகப் பிரிவு" என்று எழுதி, பொதுவான அதே கடிதத்தையே அனுப்பினோம். நிலுவைப் பட்டியல் ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போகும். போன ஆண்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பதிவேடு | டிசம்பர் 12, இரவு 8.45

வேண்டாம். எழுதினால் பழைய கோப்பை எடுத்து இதையும் அதில் சேர்ப்பார்கள்.

இலக்கு100 | டிசம்பர் 29, காலை 11.00

என் கியூஆர் கணக்கு சொல்கிறேன், நேர்மையாக. 90 அனுப்பினேன். ஏழு பேர் திறந்திருக்கிறார்கள். அதில் மூன்று எங்கள் ஆள்களே, வேலை செய்கிறதா என்று பார்த்தது. ஆனாலும் நான்கு பேர் நான்கு பேர்தான். அடுத்த ஆண்டும் வைப்பேன்.

மேசை நான்கு | 2026 ஜனவரி 9, காலை 10.20

கணக்கு முடிக்கிறேன். 140இல் இரண்டு திரும்பின. இரண்டும் முகவரி மாறியவை. 53ஐப் பற்றி மூன்று பேர் அழைத்தார்கள். இருவர் தங்கள் திட்டக் கோப்பிலும் அதே பிழை இருந்ததாகச் சொன்னார்கள். மூன்றாமவர் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டார். பதிவேடு அம்மையாருக்கு வணக்கம்.

அந்தப் பழைய நிறுவனம் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: "டைரி 1, காலண்டர் 2 பெறப்பட்டன." கடிதத்தில் நாங்கள் எழுதிய எண்ணையே அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

கடிதமே தேவையில்லை என்று நவம்பரில் எழுதியவன் யார் என்று யாரும் மேலே போய்ப் பார்க்க வேண்டாம்.

மெய்ப்புக்காரர் | ஜனவரி 9, மாலை 6.05

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2027 டைரியின் முதல் பக்கத்தில் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, வார எண் 53. ஆண்டின் முதல் நாளில் 53ஐப் பார்க்கும் யாரோ ஒருவர் அதைப் பிழை என்று நினைத்து 1 ஆக்குவார். வடிவமைப்பாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

மேசை நான்கு | ஜனவரி 9, மாலை 6.40

கேட்டேன். ஏற்கெனவே ஆக்கிவிட்டாராம்.